அழிக்கவும் வேண்டாம், அறிக்கை விடவும் வேண்டாம்: தன்விவரக் குறிப்பின் ஒரு வரியைப் பற்றி

சென்ற வாரம் எங்கள் துறையில், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நிலையில் உள்ள முனைவர் பட்ட மாணவர்களுக்காகத் தன்விவரக் குறிப்பு எழுதுவது குறித்த பயிலரங்கு ஒன்று நடந்தது. இயற்பியல் ஆய்வு மாணவி ஒருவர் தம் குறிப்பைத் திரையில் காட்டினார். அதில் 2021 முதல் 2023 வரை ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் முழுநேரப் பணியாற்றியதாக ஒரு பதிவு இருந்தது. அந்நிறுவனம் பின்னர் ஊழியர்களுக்கு ஊதியம் தராமல் நின்றதும், பெற்றோர்களை ஏமாற்றிப் பாடத்திட்டங்களை விற்றதாகப் புகார்களுக்கு உள்ளானதும் அவையில் இருந்த அனைவருக்கும் தெரியும். ஒரு சிலர் சிரித்தார்கள்.

மூத்த பேராசிரியர் ஒருவர் அந்தப் பதிவை முழுவதுமாக நீக்கிவிடச் சொன்னார். அந்தப் பெயரைக் கண்டாலே தேர்வுக் குழு முகம் சுளிக்கும் என்பது அவர் கூறிய காரணம். அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த இளைய பேராசிரியர் அதை மறுத்தார். பதிவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'நிறுவனத்தின் நெறியற்ற நடைமுறைகளை ஏற்க இயலாமல் விலகினேன்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் உங்கள் நிலைப்பாடு தெளிவாகும் என்றார். மாணவி இரண்டையும் குறித்துக்கொண்டு அமர்ந்தார். அன்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மௌனம் தவறு என்பதால், மாணவியின் இசைவுடன் இதை எழுதுகிறேன்.

இரு அறிவுரைகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு மனிதர் செய்த வேலையைப் பற்றிய வரியை, அவருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் நடத்தையைப் பற்றிய வரியாக இரண்டுமே வாசிக்கின்றன. முதல் அறிவுரை அந்த நிறுவனத்தின் பழிக்கு அஞ்சி வேலையை மறைக்கச் சொல்கிறது. இரண்டாவது, அந்தப் பழியிலிருந்து தம்மைக் கழுவிக்கொள்ள வேலையைப் பற்றிய இடத்தில் குற்றச்சாட்டை எழுதச் சொல்கிறது. செய்த வேலை என்ன என்ற கேள்வி இரண்டிலும் காணாமற்போகிறது. என் வாதம் எளிது: சர்ச்சைக்குரிய நிறுவனத்தில் ஆற்றிய பணியை அதன் உண்மைப் பெயருடனும், உண்மையான காலத்துடனும், உண்மையான அளவுடனும், கண்டனச் சொல் ஒன்றுமின்றி எழுத வேண்டும். அப்படி எழுதுவதுதான் கடினமானது. மறைப்பதும் கண்டிப்பதும் அதைவிட மிக எளியவை.

முதலில், சிரித்தவர்களுக்கு ஒரு சொல். நடுவண் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வில் சேரும் மாணவருக்கு, இளநிலை ஆய்வு நிதிநல்கை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் அல்லாத நிதிநல்கை மாதம் 8,000 ரூபாய். இந்த இரண்டாவது தொகை பத்தாண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒருவர், அந்த 8,000 ரூபாயில் ஆய்வுக்காலத்தைக் கழிப்பதற்கு முன், இரண்டாண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு வரலாம் என எண்ணினால், இயற்பியல் முதுகலைப் பட்டத்திற்குப் பெருந்தொற்றுக் காலத்தில் திறந்திருந்த கதவு எது? இணையவழிக் கல்வி நிறுவனங்களே. அவர்கள் அங்கே சென்றது நம் நிதிநல்கை போதாததால். அங்கிருந்து திரும்பி வந்தவரைப் பார்த்து நாமே சிரிப்பது எனக்கு அறமாகப் படவில்லை.

இப்போது நீக்கிவிடு என்ற அறிவுரைக்கு வருவோம். இந்த மாணவி 2021 அக்டோபர் 4 அன்று பணியில் சேர்ந்தார். 2023 ஜூன் 30 வரை வேலை செய்தார். அது 21 மாதங்கள். பதிவை நீக்கினால் முதுகலைக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டாண்டு இடைவெளி தோன்றும். தேர்வுக் குழு அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்கும். அப்போது அவர் உண்மையைச் சொன்னால் ஏன் எழுதவில்லை என்ற அடுத்த கேள்வி வரும். வேறொன்றைச் சொன்னால் அது பொய். எழுத்தில் தவிர்த்ததை வாய்மொழியில் தவிர்க்க முடியாது. மேலும், பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களின் கடைசியில் 'மேலே தரப்பட்டவை உண்மையானவை, முழுமையானவை' என்ற உறுதிமொழி இருக்கிறது. தன்விவரக் குறிப்பில் எதைச் சேர்ப்பது என்பது எழுதுபவரின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். முன்பணிகள் அனைத்தையும் குறிப்பிடுக எனப் படிவம் கேட்ட பின் ஒன்றை விடுவது அந்த உரிமைக்குள் அடங்காது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில், ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த நாளில் சேர்ந்து எந்த நாளில் விலகினார் என்பது பதிவாகியிருக்கும். பணிப்பின்னணியைச் சரிபார்க்கும் முகமைகள் அந்தப் பதிவையும் கேட்பதுண்டு.

இதைவிட முக்கியமானது வேறொன்று. அவர் விண்ணப்பிக்கும் பணி, மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் பாடப்பொருளை உருவாக்கும் ஓர் ஆய்வுத்திட்டம். அதற்கு நேரடியாகப் பொருந்தும் அனுபவம் அவருக்கு அந்த 21 மாதங்களில் மட்டுமே கிடைத்தது. பேராசிரியர் அழிக்கச் சொன்னது, அந்த மாணவியின் தகுதிக்கு இருந்த ஒரே சான்றை.

பெருநிறுவனம் ஒன்று இழிபெயர் பெற்றால் அங்கே உழைத்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இந்தியாவுக்குப் புதிதன்று. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டிருந்தன என ஒப்புக்கொண்டார். அன்று அங்கே ஏறத்தாழ 53,000 பேர் வேலை பார்த்தார்கள். ஒரே நாளில் அவர்கள் அனைவருடைய தன்விவரக் குறிப்புகளின் முதல் வரியும் சந்தேகத்திற்குரியதாயிற்று. நிறுவனத்தின் பெயரே உண்மை என்று பொருள்படுவது கேலிகளுக்கு வசதியாகப் போனது.

2015 ஏப்ரலில் ஐதராபாத்தின் சிறப்பு நீதிமன்றம் இவ்வழக்கில் குற்றவாளிகள் எனத் தீர்த்தது பத்துப் பேரை. அந்தப் பத்துப் பேரிலும் அனைவரும் நிறுவன ஊழியர்கள் அல்லர், வெளித்தணிக்கையாளர்களும் இருந்தார்கள். எஞ்சிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிரல் எழுதினார்கள், பிழை திருத்தினார்கள், வாடிக்கையாளர்களின் அமைப்புகளைப் பராமரித்தார்கள். அந்த வேலை பொய்யன்று. கணக்கேட்டில் இல்லாத பணத்தை எழுதியது தலைமை. இரவில் விழித்திருந்து வழங்கியைச் சீர்செய்தவர் உண்மையாகவே சீர்செய்தார்.

அந்த நிகழ்விலிருந்து நம் பொருளுக்கு மிகவும் பயன்படும் பாடம் எண்களைப் பற்றியது. ராஜுவின் கடிதத்தின்படி, 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் 2,700 கோடி ரூபாய் வருவாய் ஈட்டியதாக நிறுவனம் அறிவித்திருந்தது. உண்மையான வருவாய் 2,112 கோடி. செயல்பாட்டு இலாப விகிதம் 24 சதவீதம் என்று சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அது 3 சதவீதம். அதே 2008ஆம் ஆண்டில் அந்நிறுவனம் நல்ல நிறுவன ஆளுகைக்கான 'கோல்டன் பீகாக்' விருதைப் பெற்று, மோசடி வெளியான பின் அதை இழந்தது. இப்போது, 2008ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்து வேறு வேலைக்கு விண்ணப்பித்த ஒரு மேலாளரை எண்ணிப்பாருங்கள். 'ஆளுகைக்காக விருது பெற்ற, 24 சதவீத இலாப விகிதமுடைய நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்காற்றினேன்' என்று அவர் எழுதியிருந்தால், முழு நல்லெண்ணத்துடன் ஒரு பொய்யை எழுதியவராவார். 'பதினான்கு பேர் கொண்ட குழுவை நடத்தினேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கோரிக்கைப் பதிவு அமைப்பை மாற்றி அமைத்தோம்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஜனவரி 7க்குப் பின்னும் அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட எண்ணும் பெருமையும் உங்கள் குறிப்பில் இருந்தால், நிறுவனம் விழும்போது உங்கள் வரியும் விழும். நீங்களே எண்ணி அறிந்த எண்ணும், நீங்களே செய்த செயலும் மட்டும் இருந்தால், நிறுவனத்துக்கு எது நேர்ந்தாலும் அந்த வரி நிற்கும். ஆகவே சர்ச்சைக்குரிய பணியிடத்தை எழுதுபவர் முதலில் தேட வேண்டியது கண்டனச் சொற்களை அன்று. தம் குறிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் விளம்பரச் சொற்களை.

பெயரைப் பற்றியும் சத்யம் ஒரு முன்மாதிரியைத் தருகிறது. 2009இல் அதை டெக் மகிந்திரா வாங்கியது. அவ்வாண்டிலேயே மகிந்திரா சத்யம் எனப் பெயர் மாறியது. 2013இல் அது டெக் மகிந்திராவுடன் இணைந்துவிட்டது. 2005 முதல் 2008 வரை அங்கே வேலை பார்த்த ஒருவர், டெக் மகிந்திராவில் பணியாற்றினேன் என்று மட்டும் எழுதினால் அது பழிமிக்க பெயரை ஒளிக்கும் தந்திரம். சத்யம் என்று மட்டும் எழுதினால், சான்று கேட்டு யாரை அணுகுவது என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. 'சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் (தற்போது டெக் மகிந்திரா)' என்பது இரு தேவைகளையும் நிறைவுசெய்கிறது. வேலை பார்த்த காலத்தில் இருந்த பெயர் முதலில். இன்று பதிவேடுகளை வைத்திருப்பவரின் பெயர் அடைப்புக்குறிக்குள். விளம்பரப் பெயர் ஒன்றும் பதிவுபெற்ற பெயர் வேறொன்றுமாக இருக்கும் நிறுவனங்களுக்கும் இதே முறை பொருந்தும். ஏனெனில் வைப்புநிதிப் பதிவிலும் வருமான வரிப் பதிவிலும் தோன்றுவது பதிவுபெற்ற பெயர்தான்.

இனி இரண்டாவது அறிவுரை. 'நெறியற்ற நடைமுறைகளை ஏற்க இயலாமல் விலகினேன்' என்பதை இளைய பேராசிரியர் நல்ல நோக்கத்துடனேயே சொன்னார். ஆனால் அது உண்மையா என்று அவர் கேட்கவில்லை. உண்மை என்னவென்றால், 2023 மார்ச்சுக்குப் பின் ஊதியம் வரவில்லை, மூன்று மாதம் காத்திருந்த பின் அவர் பணியாற்றிய பிரிவையே மூடிவிட்டார்கள், ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதித் தந்தார். இதில் அறச்சீற்றத்தால் விலகிய காட்சி எங்கும் இல்லை. அப்படி ஒன்றை இன்று எழுதுவது, பின்னர் தெரியவந்த செய்திகளைக் கொண்டு முன்னைய தம் மனத்தைத் திருத்தி எழுதுவது. நிறுவனத்தைக் கண்டிக்கும் ஆர்வத்தில் தம்மைப் பற்றியே ஒரு பொய் பிறக்கிறது.

அந்தச் செய்தி உண்மையாகவே இருந்தாலும் அதற்குத் தன்விவரக் குறிப்பு ஏற்ற இடமில்லை. அதை வாசிப்பவர் முன் எதிர்த்தரப்பு இல்லை, ஆவணம் இல்லை, விசாரணைக்கு வழி இல்லை. சரிபார்க்க முடியாத குற்றச்சாட்டைப் படிக்கும் தேர்வுக் குழு அதை வைத்து நிறுவனத்தை மதிப்பிடுவதில்லை, எழுதியவரைத்தான் மதிப்பிடுகிறது. நாளை நம்மைப் பற்றியும் இவர் இப்படி எழுதுவாரோ என்று ஒருவர் நினைப்பார். அது நியாயமற்ற நினைப்பாகவே இருக்கட்டும். அதற்குரிய விலையைக் கொடுப்பவர் வேலை தேடும் மாணவியே அன்றி, அறிவுரை சொன்ன பேராசிரியர் இல்லை.

அப்படியானால் எப்படி எழுதுவது? பயிலரங்கு முடிந்த மறுநாள் அந்த மாணவியுடன் அமர்ந்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அவருடைய குறிப்பு ஆங்கிலத்தில் உள்ளது; இங்கே தமிழில் தருகிறேன். முகப்பில் இருந்த சுருக்கப் பத்தி இப்படித் தொடங்கியது: 'இந்தியாவின் முன்னணிக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தில், இலட்சக்கணக்கான மாணவர்களின் கற்றலை மாற்றியமைத்த குழுவின் முக்கிய உறுப்பினராகப் பங்காற்றியவர்.' இந்த வாக்கியத்தில் அவர் செய்த செயல் ஒன்றுகூட இல்லை. 'முன்னணி' என்பது நிறுவனம் தனக்குச் சூட்டிக்கொண்ட அடை. 'இலட்சக்கணக்கான' என்பது நிறுவனம் சொன்ன எண். 'மாற்றியமைத்த' என்பது யாரும் அளந்து பார்க்காத விளைவு. சிரிப்பு எழுந்தது நிறுவனத்தின் பெயருக்காக என்று நினைத்திருந்தேன். பாதிச் சிரிப்பு இந்த வாக்கியத்திற்கானது என்பது அப்போது விளங்கிற்று.

நான் அவரிடம் ஒரு சாதாரண வேலைநாளை விவரிக்கச் சொன்னேன். காலையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் வினாக்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் படிப்படியான விடை எழுத வேண்டும். விடையில் மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடத்தைக் குறிக்க வேண்டும். கடைசி எட்டு மாதங்களில் மூன்று புதியவர்கள் எழுதிய விடைகளைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. எத்தனை விடைகள் என்று கேட்டேன். மாதந்தோறும் தாம் அனுப்பிய பணிப்பட்டியல்களின் படிகள் அவரிடம் இருந்தன. கூட்டிப் பார்த்தபோது 1,140 வந்தது. அவற்றில் பாதிக்கு மேல் இயந்திரவியலும் மின்னியலும். இந்த எண்ணை எந்த விசாரணையும் பொய்யாக்க முடியாது.

புதிய பத்தி இப்படி அமைந்தது: 'புள்ளியியல் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். அதற்கு முன் மேல்நிலை இயற்பியலுக்கான இணையவழிப் பாடப்பொருள் உருவாக்கத்தில் 21 மாத முழுநேரப் பணி. இயந்திரவியல், மின்னியல் பகுதிகளை முதன்மையாகக் கொண்டு 1,140 வினாக்களுக்கு விளக்க விடைகள் எழுதியவர். மூவர் எழுதிய விடைகளை எட்டு மாதம் சரிபார்த்தவர்.' நிறுவனத்தின் பெயர் இந்தப் பத்தியில் இல்லை. அதை நாங்கள் ஒளிக்கவில்லை. பணி வரலாற்றுப் பகுதியில் பதிவுபெற்ற பெயரும் விளம்பரப் பெயரும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. சுருக்கப் பத்தி ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லும் இடம். எங்கே செய்தார் என்பதற்கு அடுத்த பகுதி இருக்கிறது. அங்கே பெயர் தெளிவாக இருக்கும்வரை, முகப்பில் அது இல்லாதது மறைப்பாகாது. அங்கும் இல்லையென்றால் அது மறைப்பே.

பதவிப் பெயரில் ஒரு சபலம் இருந்தது. நியமன ஆணையில் அவர் 'பாடப்பொருள் வல்லுநர்'. அதை 'இயற்பியல் விரிவுரையாளர்' என்று மாற்றினால் கல்லூரிப் பணிக்கு உதவுமே என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தாராம். உதவாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 நெறிமுறைகள் முன்பணியைக் கணக்கிடுவதற்கு நிகரான பதவியையும் நிகரான தகுதியையும் கேட்கின்றன. இணையவழிப் பயிற்சி நிறுவனத்தின் பணி அதில் அடங்காது. பதவியை உயர்த்தி எழுதுபவர், தம் உண்மையான வேலையையும் சேர்த்துச் சந்தேகத்திற்கு உள்ளாக்குவார்.

மிகவும் இடர் தந்தது தேதி. அவர் ஜூன் 30 வரை வேலை பார்த்தார். ஆனால் நிறுவனம் வைப்புநிதியை மார்ச் வரைதான் செலுத்தியிருந்தது; விலகிய நாளையும் பதிவிடவில்லை. இத்தகைய நிலையில், கடைசிச் செலுத்துகைக்கு இரண்டு மாதங்கள் கழித்து உறுப்பினரே வைப்புநிதித் தளத்தில் விலகிய நாளைப் பதியலாம். ஆனால் அந்த நாள் கடைசியாகப் பணம் செலுத்தப்பட்ட மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே அரசுப் பதிவு 2023 மார்ச் 31 என்கிறது. குறிப்பில் ஜூன் என்று எழுதினால் சரிபார்ப்பவர் இவர் மூன்று மாதத்தைக் கூட்டி எழுதினார் என்பார். மார்ச் என்று எழுதினால் ஊதியமின்றி உழைத்த மூன்று மாதங்கள் இல்லாமற்போகும். நிறுவனம் தராமல் விட்ட கூலியைப் போலவே அந்த உழைப்பின் நினைவும் அழியும். நாங்கள் ஜூன் என்றே எழுதினோம். ஜூன் மாதத்துப் பணிப்பட்டியலையும், ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சலையும் தனியே எடுத்து வைத்தோம். சரிபார்ப்புப் படிவத்துடன் இணைக்க ஒரு வரி எழுதினோம்: 'வைப்புநிதிப் பதிவு கடைசிச் செலுத்துகை மாதமான மார்ச் 2023உடன் முடிகிறது; பணி முடிந்த நாள் ஜூன் 30, 2023; சான்று இணைப்பில்.' இதில் கண்டனம் இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு நடந்தது முழுவதும் இதில் இருக்கிறது.

விலகக் காரணம் என்று படிவம் கேட்கும் இடத்தில் 'பிரிவு மூடப்பட்டது' என்று எழுதினோம். நேர்காணலில் கேட்டால் சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் போதும் என்று முடிவு செய்தோம்: 'நான் பாடப்பொருள் பிரிவில் இருந்தேன், 2023 ஜூனில் அந்தப் பிரிவை மூடினார்கள். நிறுவனத்தின் விற்பனை முறைகள் பற்றிய செய்திகளை நானும் படித்தேன். என் பணி அதனோடு தொடர்புடையதன்று.' மூன்றாவது வாக்கியத்தை அவர் சொல்லலாம், ஏனெனில் அது உண்மை.

இந்த இடத்தில் கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. அது உண்மையல்லாத ஒருவருக்கு என்ன வழி? அதே நிறுவனத்தில் அவருடைய அறைத்தோழி 'கல்வி ஆலோசகர்' என்ற பதவியில் இருந்தார். பெற்றோர்களைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்குச் சென்று, பாடத்திட்டங்களை வாங்கச் செய்வது அவர் வேலை. மாதந்தோறும் விற்பனை இலக்கு உண்டு. பணம் இல்லை என்ற பெற்றோருக்குக் கடன் ஏற்பாட்டையும் அவரே விளக்கினார். அவர் தம் குறிப்பில் 'மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் கல்வி வழிகாட்டினேன்' என்று எழுதினால், கண்டனம் இல்லை, உண்மையும் இல்லை. நிறுவனத்தின் ஏமாற்று தொடங்கியதே 'ஆலோசகர்' என்ற அந்தச் சொல்லில்தான். பதவிப் பெயரை நியமன ஆணையில் உள்ளபடி எழுதிவிட்டு, அடுத்த வரியில் வினைச்சொல்லை நேராக வைக்க வேண்டும்: 'தொலைபேசி வழியாகவும் நேரில் சென்றும் பாடத்திட்டங்களை விற்றேன், தவணைக் கடன் ஏற்பாடுகளை விளக்கினேன்.' இதை எழுதக் கை கூசினால், அந்தக் கூச்சத்தைத் தன்விவரக் குறிப்பின் சொல்லாட்சி தீர்க்காது. அது அவர் தம்மோடு பேசித் தீர்க்க வேண்டியது. கண்டிக்காமல் எழுதுவது என்பதற்கு மழுப்பி எழுதுவது என்று பொருள் கொள்வோருக்கு இதுவே என் மறுமொழி.

கண்டிக்காதது உடன்படுவதுதானே என்று இளைய பேராசிரியர் கேட்பார் என எதிர்பார்க்கிறேன். இல்லை. நிறுவனத்தின் தவறை முழுமையாக எழுதுவதற்கு இடங்கள் இருக்கின்றன. அங்கே எழுத வேண்டும். ஊதியப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை இருக்கிறது. திவால் நடவடிக்கை தொடங்கிவிட்ட நிறுவனமெனில், தீர்வு நிபுணரிடம் 'டி' படிவத்தில் ஊழியர் தம் பாக்கியைக் கோரலாம். அங்கே எத்தனை மாதம், எத்தனை ரூபாய், எந்த ஆதாரம் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். ஏமாற்றப்பட்ட பெற்றோர் நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றால் சாட்சி சொல்லலாம். கட்டுரை எழுதலாம், இதோ நான் எழுதுவதைப்போல். இவற்றில் எதையும் செய்யாமல், வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் ஒரு வரி கண்டனம் எழுதுவது நிறுவனத்தை ஒன்றும் செய்யாது. அந்த ஒரு வரியை யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்டுப்பார்த்தால், தேர்வுக் குழுவின் நல்லெண்ணத்தைப் பெறுவதற்காகவே என்பது புலப்படும். பிழைப்புக்காகப் பாராட்டுவதும் பிழைப்புக்காகக் கண்டிப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் எழுதிய வடிவம் வேலை கிடைக்கும் என்பதற்கு உறுதி தராது. பெயரைக் கண்டதும் தாளைத் தள்ளிவைக்கும் குழு உறுப்பினர் இருக்கத்தான் செய்வார். அவரிடமிருந்து எந்தச் சொல்லாட்சியும் மாணவியைக் காப்பாற்றாது. அதனால்தான் இந்தப் பதிவு மாணவர்களுக்கானது மட்டுமன்று. பேராசிரியர்களே, தேர்வுக் குழுவில் அமரும்போது அந்தப் பெயர் உங்கள் கண்ணில் படும். அப்போது அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள். அங்கே ஏதேனும் வேலை எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது விளம்பரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை எழுதப்பட்டிருந்தால் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்த 1,140 விடைகளில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மாணவர்கள் எங்கே தவறுவார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். நிறுவனம் ஏன் வீழ்ந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் துறைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை.

மாணவி நேற்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறது. ஜூன் 30 என்ற தேதியும் இருக்கிறது.